இருபது எம்.பி.யில் ஒரு நூல்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த ஆபீஸ் காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. வெளியே போர்டில் மல்டிமீடியா என்று எழுதியிருக்கும். உள்ளே மூன்று கம்ப்யூட்டர், ஒரு வீடியோ டெக், ஒரு ஏசி, அந்த ஏசிக்கு நேர் எதிரே உட்காரும் உரிமை பெற்ற முதலாளி. அவர் கல்யாண வீடியோவில் ஆரம்பித்து சி.டி.க்கு வந்தவர். நான் பிசிக்ஸ் படித்துவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ரயிலில் வந்துபோய்க்கொண்டிருந்தவள். பம்ப், மோட்டார், கிரைண்டர் என்று கோயமுத்தூரில் செய்யாத சாமான் கிடையாது. செய்கிற ஒவ்வொருவருக்கும் தன் சாமானைப் படம் பிடித்து சி.டி.யில் போட்டு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று அந்த வருஷங்களில் ஓர் ஆசை வந்துவிட்டது. அந்த ஆசையைச் சுருக்கிக் கொடுப்பது என் வேலை.

சுருக்குவது என்று சும்மா சொல்லவில்லை. டேப்பில் இருக்கும் படத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் இறக்கினால் சில நிமிடங்களிலேயே ஹார்ட் டிஸ்க் மூச்சு முட்டி நின்றுவிடும். அதைச் சின்னதாக்கி வெளியே எடுக்க ஒரு முறை வேண்டும். அந்த முறைக்குப் பெயர் கோடெக். எந்தக் கோடெக்கில் மடித்தோமோ அதே கோடெக் பார்க்கிறவர் மெஷினிலும் இருந்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும். எங்கள் ஆபீஸில் இரண்டு இருந்தன. பழையது சினிபேக். மெதுவாக மடிக்கும், ஆனால் பிரிப்பது அதற்குச் சுலபம், எந்த ஓட்டை மெஷினிலும் ஓடும். படம் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும். புதியது இண்டியோவின் ஐந்தாவது பதிப்பு. அதே அளவு இடத்தில் இரண்டு மடங்கு தெளிவு என்று நான் அடித்துச் சொல்வேன். ஆனால் வேகமான மெஷின் வேண்டும், அதைத் தனியாகப் போட்டிருக்கவும் வேண்டும். எம்பெக் என்று இன்னொன்றும் இருந்தது. அதற்கு மில் ஆபீஸ் மெஷின்களில் தனி கார்டு செருக வேண்டியிருந்ததால் நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

முதலாளி பழையதின் ஆள். நான் புதியதின் ஆள். இதில் எங்களுக்குள் தினம் ஒரு உரசல் இருக்கும்.

"ஓடுனாத்தானுங்க அம்மணி படம்" என்பார் அவர்.

"தெரிஞ்சாத்தானுங்க படம்" என்பேன் நான். பிறகு இருவரும் அவரவர் வேலையைப் பார்ப்போம்.

அந்தச் சமயத்தில்தான் சிங்காநல்லூரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். குளத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், காற்றடிக்க ஒரு கம்ப்ரஸர். பட்டறைக்காரர் முன்பு மில்லில் மெயின்டனன்ஸில் இருந்தவர். பம்ப் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காகக் கடைந்துகொண்டே, இடையில் கையடக்கமாக ஒரு ஸ்ப்ளைசர் செய்திருந்தார். நூற்பு மில்லில் நூலைக் கூம்பு மாதிரி இருக்கும் கோனில் சுற்றும்போது அறுந்தால் முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு போட்ட நூல் பின்னால் தறியிலும் பனியன் மெஷினிலும் வம்பு செய்யும். ஸ்ப்ளைசரில் முடிச்சு கிடையாது. அறுந்த இரண்டு முனைகளையும் அதன் வாயில் வைத்து விசையை அழுத்தினால், உள்ளே இருக்கும் கத்தரி முனைகளை வெட்டும், காற்று பீய்ச்சி அடித்து இரண்டு முனைகளின் பஞ்சையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரம். இணைந்த இடம் எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டும்.

பெரிய மில்களில் இதே காரியத்தைச் செய்யும் வெளிநாட்டு மெஷின்கள் இருந்தன. அவர் செய்தது சின்ன மில்களுக்கு. ஆனால் எந்தச் சின்ன மில்லும் அதைச் சீண்டவில்லை. சிங்காநல்லூர்ப் பட்டறையில் செய்த ஸ்ப்ளைசரா என்று சிரித்துவிட்டு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மெஷினரிக் கண்காட்சி ஒன்றுக்காக ஒரு சங்கம் கூட்டு சி.டி. போட்டு எல்லா மில்களுக்கும் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டுத்தான் எங்களிடம் வந்தார்கள். சி.டி.யில் ஒவ்வொரு கம்பெனிக்கும் இருபது எம்.பி. இடம். அதற்கு மேல் ஒரு பொட்டுகூடக் கிடையாது.

"இந்தத் தடவையும் யாரும் கேக்கலீன்னா இதை மூட்டை கட்டி வெச்சுப்போட்டு பம்ப் ஸ்பேருக்கே போயிடறமுங்க" என்றார் அவர். அதை வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வராவிட்டால் சோளம் விதைத்துக்கொள்வோம் என்கிற மாதிரி சொன்னார். அந்த அம்மாள் முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு டீ கிளாஸை வாங்கினார். பேக்கரி டீ அவ்வளவு சூடாக வராதே என்று நினைத்தேன்.

படம் பிடித்தது எங்கள் முதலாளிதான். எந்த நாளில் எடுப்பது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆயுத பூஜை. எங்கள் ஊரில் ஒரு பட்டறை பார்க்கிற மாதிரி இருப்பது வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான். சுவருக்கு வெள்ளையடித்திருக்கும், தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது, லேத்துக்கே சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கும். அந்த அம்மாள் ஜிகினாத் தோரணமும் கலர் பேப்பரும் வாங்கி மேலே நெடுகக் கட்டியிருந்தார். சாமி படத்தைச் சுற்றி சீரியல் பல்பு. ஸ்ப்ளைசருக்கே ஒரு குட்டி சாமந்தி மாலை. பட்டுச்சேலையும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாக அவரே நின்று நூலை இணைத்துக் காட்டினார். முதலாளி கேமராவைத் தோளில் வைத்து, கல்யாண வீட்டில் மாதிரியே அசைந்து அசைந்து எடுத்துத் தள்ளினார். டேப்பில் பார்த்தபோது கண்ணைப் பறித்தது. அந்தப் படத்தில் நாதஸ்வரம்கூட வேண்டும் என்று கேட்டார்கள். போட்டேன்.

அதை நறுக்கி இரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்து, நானே பின்னணிக் குரல் கொடுத்து, சினிபேக்கில் வெளியே எடுத்தேன். மத்தியானம் சாப்பிடப் போகும்போது ஓடவிட்டு, சாப்பிட்டு வந்து, இன்னும் இரண்டு வேலை பார்த்த பிறகும் அது மடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்த படத்தைப் பார்த்தால் தோரணம் இருக்கிறது, சீரியல் பல்பு இருக்கிறது, சாமந்திகூட ஒரு மாதிரி இருக்கிறது. நூல் இல்லை. நூல் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் சில கட்டங்கள் வந்து வந்து போயின. கைகூட மெழுகில் செய்த கை மாதிரி மழுமழுவென்று இருந்தது.

அதே படத்தை இண்டியோவில் எடுத்தேன். நூல் வந்தது. நூலில் சிலிர்த்து நிற்கும் பஞ்சு வந்தது. காற்று அடிக்கும்போது அது பிரிந்து சேர்வதுகூட ஒரு கணம் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நம்ம மெசின்ல எல்லாந்தானுங்க ஓடும்" என்று ஏசிக்குப் போய்விட்டார்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். புதியதைப் பார்த்ததும் பட்டறைக்காரர் எழுந்து மானிட்டருக்கு மூக்கை ஒட்டி நின்றார்.

"அம்மணி, இதுதானுங்க. இந்தப் பஞ்சு தெரியறதுதானுங்க எல்லாமே."

"பழசே நல்லாருக்குதுங்க" என்றார் அந்த அம்மாள்.

அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கொஞ்ச நேரம் தெலுங்கிலேயே பேசிக்கொண்டார்கள். அவர் மானிட்டரைக் காட்டிக் காட்டிப் பேசினார். இந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒரு நூலை இணைத்துக் காட்டத்தான் படமே. அந்த நூலே தெரியாத படம் எப்படி நல்லா இருக்கும்? நான் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க அக்கா, இதுல நூலே தெரியலீங்களே. தோரணந்தானுங்க தெரியுது."

"தோரணம் நல்லா இருக்குதில்லீங்க கண்ணு" என்றார்.

முடிவாக முதலாளிதான் ஒரு வழி சொன்னார். சின்ன மில்லில் ஓடுமா ஓடாதா என்று சின்ன மில்லிலேயே போய்ப் பார்த்துவிடலாம். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மில் மேனேஜர் பட்டறைக்காரருக்குப் பழக்கம். அவர்தான் அந்த ஸ்ப்ளைசரைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள். சி.டி. வரட்டும், பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் ஆபீஸில் ஓடும் படம்தான் மற்ற மில் ஆபீஸ்களிலும் ஓடும். இரண்டையும் ஒரு சி.டி.யில் எழுதிக்கொண்டு, உக்கடத்தில் பஸ் ஏறி பொள்ளாச்சி வழியாக நாங்கள் மூன்று பேரும் போனோம். முதலாளிக்கு ஒரு கல்யாண வீடியோ இருந்ததால் அவர் வரவில்லை.

மில் ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உறையைக் கழற்றிப் பார்த்தேன். நானூற்று எண்பத்தாறு மெஷின், எங்கள் ஆபீஸ் மெஷின்களுக்கு முந்தின தலைமுறை. சி.டி. டிரைவ் ஆட்டோரிக்‌ஷா ஸ்டார்ட் ஆவது போல இருமிக்கொண்டு ஓடியது.

புதியதைத்தான் முதலில் போட்டேன். நாதஸ்வரம் வந்தது. என் குரல் வந்தது. படம் வரவில்லை. மடித்ததைப் பிரிக்கும் டீகம்ப்ரஸர் கிடைக்கவில்லை என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்து நின்றது. அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். சி.டி.யிலேயே இண்டியோவையும் எழுதி வைத்திருந்தேன். மேனேஜரைக் கேட்டு அதை மெஷினில் ஏற்றி, அணைத்துப் போட்டு, மறுபடி ஓட்டினேன். இப்போது படம் வந்தது. ஆனால் மெஷினால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு படம் நிற்கும், நாலைந்து படத்தை விழுங்கிவிட்டு அடுத்தது வரும். என் குரல் முன்னால் போய்விட்டது, படம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளின் கை நூலை எடுத்தது. அடுத்த படத்தில் நூல் இணைந்திருந்தது. நடுவில் காற்று அடித்த அந்த ஒரு கணம், எதற்காகப் படம் எடுத்தோமோ அந்தக் கணம், இல்லவே இல்லை.

"கண்கட்டு வித்தை மாதிரி இருக்குதுங்க" என்றார் மேனேஜர். அவர் நல்ல மனுஷர், கிண்டலாகச் சொல்லவில்லை.

பிறகு பழையதைப் போட்டேன். எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. தோரணம் ஆடியது, பல்பு மின்னியது, கை வந்தது, ஸ்ப்ளைசர் வந்தது, எல்லாம் சரியான நேரத்தில் வந்தது. மேனேஜர் கடைசிவரை பார்த்தார்.

"கையில முடிச்சு வேகமாப் போடறாங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

முடிச்சில்லை என்று சொல்லத்தான் பட்டறைக்காரர் இத்தனை நாள் லேத்தில் நின்றார். அதை முடிச்சு என்று ஒருவர், அதுவும் சிரிக்காத ஒருவர், எங்கள் எதிரிலேயே சொல்லிவிட்டார். பட்டறைக்காரர் பையிலிருந்து நிஜ ஸ்ப்ளைசரை எடுத்துக் காட்ட முயன்றார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். கம்ப்ரஸர் லைன் இங்கே வராதுங்களே, இன்னொரு நாள் பார்க்கலாமுங்க என்றார். கண்காட்சி சி.டி.யைப் பார்க்கப்போகும் மற்றவர்களுக்கு இந்த இன்னொரு நாளும் இருக்காது என்பது எங்கள் மூவருக்குமே தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் பட்டறைக்காரர் முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் அந்த அம்மாளும் பின்னால். ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளாகத்தான் கேட்டார்.

"ஏங்கண்ணு, பழசுல தோரணம் மட்டும் அத்தனை நல்லாத் தெரியுதே, நூலு ஏன் தெரிய மாட்டீங்குது?"

அந்தக் கேள்வியை ஆபீஸில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. முதலாளிகூடக் கேட்டதில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துக் கட்டம் போட்டுக் காட்டினேன். படத்தை அது சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துவிடும். அத்தனை கட்டத்தையும் அப்படியே எழுதி வைக்க இடம் கிடையாது. அதனால் மாதிரிக் கட்டம் என்று கொஞ்சத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் அவற்றில் எது கிட்டத்தட்டப் பொருந்துகிறதோ அதைப் பதித்துவிடும். முந்தின படத்திலிருந்து மாறாத கட்டத்தைத் திரும்ப எழுதவே எழுதாது. இப்போது நம் படத்தில் தோரணம் காற்றில் ஆடுகிறது, ஜிகினா மின்னுகிறது, பல்பு அணைந்து அணைந்து எரிகிறது, போதாததற்குக் கேமராவே ஆடுகிறது. எல்லாக் கட்டமும் ஒவ்வொரு படத்திலும் மாறுகிறது. மாதிரிகள் முழுவதையும் தோரணமும் பல்புமே அள்ளிக்கொண்டுவிட்டன. நூல் மெலிசு. அதற்கென்று ஒரு மாதிரிகூட மிச்சம் இல்லை, பக்கத்துச் சுவரின் கட்டத்தை வாங்கிப் போட்டுக்கொள்கிறது.

"பந்தியில பின்னால வந்தவளுக்கு ரசம்" என்றார் அவர்.

"அதேதானுங்க அக்கா."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"அப்ப தோரணம், மாலை, பல்பு ஒண்ணுமே இல்லாம, கறுப்பா ஒரு துணியை விரிச்சு, கேமராவையும் ஆடாம வெச்சு எடுத்தா?"

"கறுப்பு மாறவே மாறாதுங்க. அதுக்கு எடம் செலவாகாது. எல்லா எடமும் நூலுக்குத்தானுங்க."

"பழசுலயே தெரியுமா?"

"பழசுலயே தெரியுமுங்க. நூல், பஞ்சு, கை, எல்லாமே நல்லாத் தெரியும்."

அவர் வலது கையை முந்தானையிலிருந்து எடுத்து என் மடியின் மேல் வைத்தார். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், முதல் கணுவுக்குக் கீழே, ஆழமாக ஒரு தடம் இருந்தது. பழைய கிணற்றுக் கல்லில் கயிறு அறுத்த தடம் மாதிரி. சுற்றிலும் தோல் காய்த்து மஞ்சளாக இருந்தது.

"இதுவுமா தெரியும்?"

"தெரியுமுங்க அக்கா" என்றேன்.

அப்புறம் அவரே சொன்னார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக நெடுங்காலம் கோன் வைண்டிங்கில் இருந்தவர். முடிச்சுப் போடும் முன் நூலை விரலில் சுற்றி வெட்டென்று இழுத்து அறுக்க வேண்டும். ஒரு ஷிப்டில் எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள். அந்த மில் அவருடைய பெரியப்பா வீட்டு மில். ஒரே சாதி, ஒரே குலதெய்வம், அவர்கள் முதலாளிகள், இவர் நூல் ஓட்டுகிறவர். விசேஷங்களில் பார்க்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் இவர் கையைத்தான் முதலில் பார்ப்பார்களாம். அந்த சி.டி. அவர்கள் மில்லுக்கும் போகும்.

"பூசை அன்னைக்குப் பட்டுச்சேலை கட்டி நாலு வளையல் போட்டு நின்னேன் கண்ணு. அந்தப் பழைய படத்துல என்ற கை முதலாளியம்மா கை மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. அதுதான்."

முன் சீட்டில் இருந்தவரின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அவரு இந்த மெசினைச் செஞ்சதே இந்த வெரலைப் பாத்துப்போட்டுத்தான். அதை ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை."

ஆபீஸில் நான் எரிச்சலோடு கேட்ட கேள்விக்கு அந்த அம்மாள் தோரணம் நல்லா இருக்கிறது என்று மட்டும் பதில் சொன்னதை நினைத்துக்கொண்டேன். சிங்காநல்லூருக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக உக்கடத்தில் நின்றபோது அவர் தன் புருஷனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். புருஷன் என்னைப் பார்த்தார், பிறகு பெண்டாட்டியின் கையைப் பார்த்தார்.

"வர்ற வாரமே எடுத்துப்போடலாமுங்க அம்மணி" என்றார்.

கறுப்பு வெல்வெட் துணியை நானே ஒப்பணக்கார வீதியில் வாங்கினேன். முதலாளிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. இழவு வீட்டுப் படமா எடுக்கிறோம் என்று கேட்டார். மாலையைக் கழற்றக் கூடாது, முதல் காட்சியிலாவது சாமி படம் வேண்டும் என்றார். முதல் காட்சியில் சாமி படத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொள்ளச் சம்மதித்தேன். சீரியல் பல்பை மட்டும் அணைக்கச் சொன்னேன். அதே பட்டறையில் கேமராவுக்கு ஸ்டாண்ட் போட்டு, கிட்டப்போய் எடுக்கும் லென்ஸை மாட்டி, பக்கத்திலிருந்து ஒரே ஒரு விளக்கு. நாதஸ்வரத்தையும் எடுத்துவிட்டேன். சத்தத்துக்கும் இடம் போகிறதே. என் குரலும் கம்ப்ரஸர் சீறும் ஓசையும் போதும்.

வளையல்தான் பிரச்சினையாக இருந்தது. கண்ணாடி வளையல் ஒவ்வொன்றும் விளக்கு வெளிச்சத்தில் மின்னி மின்னி இடத்தைத் தின்னும். கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுமங்கலி வெறுங்கையோடு நிற்க மாட்டார் என்பது சொல்லாமலே தெரியும். அவரே புரிந்துகொண்டு, வளையல்களை மேலே தள்ளி, ஜாக்கெட் கையின் ஓரத்துக்கு ஏற்றி, ஒரு கைக்குட்டையால் கட்டிக்கொண்டார். கறுப்பு வெல்வெட்டின் மேல் மணிக்கட்டிலிருந்து கை மட்டும். வெள்ளை நூல். ஸ்ப்ளைசர்.

இரண்டு முனைகளை வைத்தார், அழுத்தினார், எடுத்தார். பிறகு இணைந்த நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் காட்டினார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே அந்தத் தடம் உள்ள விரலைத் திருப்பி, இணைந்த இடத்தை அதன் மேல் வைத்துக் காட்டினார். அவருடைய புருஷன் லேத்தைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சினிபேக்கில் எடுத்தேன். அதே இரண்டு நிமிடம், அதே இருபது எம்.பி.க்கு உள்ளேதான். கறுப்பு கறுப்பாகவே கிடந்தது. நூலின் பஞ்சு வந்தது. புதிய கோடெக் அளவுக்கு இல்லை, நூலின் ஓரம் லேசாகப் படிக்கட்டு மாதிரி உடைந்துதான் இருந்தது. ஆனால் நூல் நூலாக இருந்தது. விரல் விரலாக இருந்தது. முதலாளி வந்து பார்த்தார்.

"நாந்தான் சொன்னனே, பழசே போதும்னு" என்றார்.

சண்டை போடத் தெம்பில்லை. புதியதுதான் உசத்தி என்று இப்போதும் சொல்வேன். ஆனால் எந்தக் கோடெக் என்று கேட்பதற்கு முன்னால் படத்தில் எது முக்கியம் என்று கேட்க வேண்டும் என்பதை அந்த வெல்வெட்டுக்குப் பிறகு நான் மறக்கவில்லை.

சங்கத்துக்குக் கொடுப்பதற்கு முன் மூன்று பேரும் மறுபடி உடுமலைக்குப் போனோம். அதே பூப்போட்ட உறை, அதே இருமல். படம் தடங்கல் இல்லாமல் ஓடியது. மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இது முடிச்சில்லீங்களே" என்றார்.

"இல்லீங்க" என்றார் பட்டறைக்காரர்.

மேனேஜர் வாட்ச்மேனை அனுப்பி, கோன் வைண்டிங்கில் ஷிப்ட் முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்களில் சிலரை வரச் சொன்னார். கையில் பிடித்து வேலை செய்யப்போகிறவர்கள் அவர்கள்தானே, அவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம் என்றார். நாலைந்து பேர் தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்து சுவரோரமாக நின்றார்கள். மூன்றாவது தடவையாகப் படத்தைப் போட்டேன். மேனேஜர் நூல் இணைந்த இடத்தைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். அவர்கள் நூலைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஒருத்தி கிட்டே வந்தாள். கடைசிக் காட்சியில் விரல் திரும்பி நின்றபோது, தன் வலது கை ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய் மானிட்டர் கண்ணாடியில் அந்த விரலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் விரலிலும் அதே இடத்தில் அதே தடம், இன்னும் புதிதாக, சிவப்பாக இருந்தது.

"இது யாரு கைங்கக்கா?" என்று என்னைத்தான் கேட்டாள். குரல் கொடுத்தது நான் என்பதால் கையும் என்னுடையதென்று நினைத்தாளோ என்னவோ.

"என்ற கைதான் கண்ணு" என்றார் அந்த அம்மாள்.

அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்ப்ளைசர் எப்படி, காற்று எவ்வளவு வேண்டும், எதுவும் கேட்கவில்லை.

"இது வந்துட்டா நூலை வெரல்ல சுத்தி அறுக்க வேண்டீதில்லீங்களாக்கா?"

"வேண்டீதில்ல கண்ணு. அதுலயே கத்தரி இருக்குது."

சோதனை பார்க்க நான்கு ஸ்ப்ளைசர் கொண்டுவந்து வையுங்கள் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் எதற்கெடுத்தாலும் செரிங்க செரிங்க என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கேன்டீனிலிருந்து டீ வந்தது. அந்த அம்மாள் முந்தானையைத் தேடவில்லை. வெறும் விரலால் கிளாஸைப் பிடித்து வாங்கி, உடனே மேசை மேல் வைத்துவிட்டு விரலை ஊதிக்கொண்டார். அன்றைக்கு டீ நிஜமாகவே சூடு.